பார்ட் டைமா கார் ஓட்டக் கத்துக்கொடுக்கப் போறீங்களா? நான் மாட்டினது மாதிரி லைசென்ஸ், இன்சூரன்ஸ்ல மாட்டாதீங்க

எனக்கு கார் நல்லா ஓட்ட வரும், பொறுமையும் இருக்கு, காலையில ரெண்டு மணி நேரம் சும்மாதானே இருக்கோம்னு தெரிஞ்சவங்க ரெண்டு மூணு பேருக்கு என் சொந்த கார்லயே கத்துக்கொடுக்க ஆரம்பிச்சேன், மாசம் ஆளுக்கு ஒரு தொகை வாங்கினேன். எல் போர்டு ஒட்டியிருந்தேன், அவங்ககிட்ட எல்எல்ஆர் இருந்துச்சு, என் லைசென்ஸும் சரியா இருந்துச்சு, இதுக்கு மேல என்ன வேணும்னுதான் நினைச்சேன். நாலாவது மாசம் ஒரு தங்கச்சி ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக்னு நினைச்சு ஆக்சிலரேட்டரை மிதிச்சிடுச்சு, கார் பின்னால போய் கம்பத்துல மோதி டிக்கி கதவு உள்ள போயிடுச்சு, பக்கத்துல நின்ன பைக்கும் சாஞ்சு அதோட ஹேண்டில் வளைஞ்சிடுச்சு. யாருக்கும் அடி இல்ல. கிளைம் போட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனியோட சர்வேயர் வந்து யார் ஓட்டினாங்க, யார் பக்கத்துல உக்காந்திருந்தாங்கன்னு எல்லாம் கேட்டுட்டு கடைசியா அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட "சார்கிட்ட ஃபீஸ் கட்டித்தான் கத்துக்கிறாங்களா"ன்னு சாதாரணமா கேட்டாரு, அவரும் வெள்ளந்தியா "ஆமாங்க, போன வாரம்தான் கட்டினேன்"னு சொல்லிட்டாரு. அவ்ளோதான். வண்டியை ஹயர் ஆர் ரிவார்டுக்கு, அதாவது வாடகைக்கோ கூலிக்கோ, பயன்படுத்தியிருக்கீங்கன்னு கிளைமை நிராகரிச்சு லெட்டர் வந்துச்சு, என் கார், அந்த பைக் ரெண்டு செலவும் என் தலையில.

அதுக்கப்புறம்தான் ரூல் புக்கை எடுத்துப் படிச்சேன். இப்ப ஒரு ஸ்கூல்ல முறையா பார்ட் டைம் பண்றேன். இந்தியாவுல பொருந்துற ரூல்களை வச்சு, கார் கத்துக்கொடுக்கிறதைப் பத்தி மட்டும் எழுதுறேன், லாரி பஸ் இதுல இல்ல.

1. காசு வாங்குறீங்களா இல்லையான்னு முதல்ல முடிவு பண்ணுங்க

எல்லாமே இந்த ஒரு கேள்வியிலதான் பிரியுது. உங்க தம்பிக்கோ ஃப்ரெண்டுக்கோ சும்மா கத்துக்கொடுக்கிறீங்கன்னா மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல இருக்கிற ரூல் 3 மட்டும் போதும். அது மூணு விஷயம் கேக்குது: ஓட்டுறவர்கிட்ட செல்லுபடியாகிற எல்எல்ஆர் இருக்கணும், அந்த வண்டியை ஓட்ட லைசென்ஸ் இருக்கிற ஒருத்தர் கூடவே வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடியிற இடத்துல உக்காந்திருக்கணும், வண்டிக்கு முன்னாலயும் பின்னாலயும் எல் போர்டு இருக்கணும்.

காசு வாங்க ஆரம்பிச்சிட்டீங்கன்னா ரூல் 24 வந்துடும். கட்டணத்துக்கு டிரைவிங் கத்துக்கொடுக்கிற எந்த இடமா இருந்தாலும் ஃபார்ம் 11-ல லைசென்ஸ் எடுத்திருக்கணும். இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க, நானும் குழம்பினேன். இந்த லைசென்ஸ் கத்துக்கொடுக்கிற ஆளுக்குத் தனியா குடுக்கிறது இல்ல, ஸ்கூலுக்குக் குடுக்கிறது. "நான் இன்ஸ்ட்ரக்டர் லைசென்ஸ் எடுத்துட்டு தனியா வீட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன்"னு ஒரு வழி நம்ம ரூல்ல கிடையாது. ஒண்ணு நீங்களே ஸ்கூல் வைக்கணும், இல்ல லைசென்ஸ் இருக்கிற ஸ்கூலோட ஸ்டாஃபா இருக்கணும்.

2. சொந்த ஸ்கூலா, ஸ்கூல்ல சேர்றதா?

சொந்தமா வைக்கணும்னா ஃபார்ம் 12-ல விண்ணப்பிக்கணும், அரசுக் கட்டணம் மட்டும் ரூ.10,000, லைசென்ஸ் 5 வருஷத்துக்கு, முடியிறதுக்கு 60 நாள் முன்னாடியே ஃபார்ம் 13-ல புதுப்பிக்கக் குடுக்கணும், அப்பவும் அதே ரூ.10,000. ஆனா கட்டணம் இதுல சின்ன செலவு. கிளாஸ் எடுக்க இடம் சொந்தமாவோ வாடகைக்கோ வேணும், அதுல வண்டி நிறுத்த இடம் வேணும், டிராஃபிக் சைன் சார்ட், இன்ஜின், கியர் பாக்ஸ், பிரேக் ஷூ, டிரம் எல்லாம் காட்டுறதுக்கு வேணும், பெஞ்ச், மேசை, முதலுதவிப் பெட்டி வேணும். முக்கியமா ஸ்கூலுக்குச் சொந்தமா ஒரு காராவது இருக்கணும், அது டூயல் கண்ட்ரோல் போட்டதா, அதாவது கத்துக்கொடுக்கிறவர் பக்கமும் பிரேக் பெடல் இருக்கிறதா இருக்கணும், கத்துக்கொடுக்கிறதுக்கு மட்டுமேன்னு ஒதுக்கி இருக்கணும். விண்ணப்பத்து மேல முடிவு எடுக்க 90 நாள் வரைக்கும் ஆகலாம். காலையில ரெண்டு மணி நேரம் வேலை பண்ண நினைக்கிறவருக்கு இது கட்டுப்படியே ஆகாதுங்கிறது என் கருத்து, முழு நேரத் தொழிலா எடுக்கிறவங்க வேற.

அதனால பார்ட் டைம்னா ஸ்கூல்ல சேர்றதுதான் வழி. இதுல ஒரு பொறி இருக்கு. சில பேர் "உங்க கார்லயே எடுங்க, எங்க ஸ்கூல் பேர் ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம், பெட்ரோல் காசு தனியா"ன்னு சொல்லுவாங்க, கேக்க நல்லா இருக்கும். மேல சொன்னதைத் திரும்பப் படிங்க, வண்டி ஸ்கூலுக்குச் சொந்தமா, கத்துக்கொடுக்க மட்டுமேன்னு, டூயல் கண்ட்ரோலோட இருக்கணும். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட கல்யாணத்துக்குப் போற உங்க கார் இதுல எதுக்குமே பொருந்தாது, மோதினா இன்சூரன்ஸ்ல சிக்குறது ஸ்டிக்கர் ஒட்டினவர் இல்ல, ஆர்சி-ல பேர் இருக்கிற நீங்க.

3. உங்க பேப்பரை எடுத்து வைங்க

ஸ்கூல்ல கத்துக்கொடுக்கிற ஆளுக்கும் ரூல் 24-ல தகுதி இருக்கு. 10-ம் வகுப்பு பாஸ், 5 வருஷ டிரைவிங் அனுபவம், அதோட மோட்டார் மெக்கானிக் கோர்ஸ் சர்டிஃபிகேட், இல்லன்னா மெக்கானிக்கல் இன்ஜினியரிங்ல அதுக்கு மேல ஏதாவது படிப்பு. டிராஃபிக் சைன், சாலை விதி தெரிஞ்சிருக்கணும், வண்டி பாகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டி விளக்கத் தெரியணும், இங்கிலீஷோ உள்ளூர் மொழியோ தெரிஞ்சிருக்கணும்.

மார்க் ஷீட்டும் லைசென்ஸும் எல்லார்கிட்டயும் இருக்கும், மாட்டுறது மெக்கானிக் சர்டிஃபிகேட்லதான். "எனக்கு 15 வருஷ அனுபவம், இன்ஜினைக் கழட்டி மாட்டுவேன்"ன்னு சொன்னா எடுபடாது, அரசு நிறுவனத்துலயோ தொழில்நுட்பக் கல்வி வாரியம் அங்கீகரிச்ச இடத்துலயோ வாங்கின சர்டிஃபிகேட் வேணும். ஐடிஐ-ல மோட்டார் மெக்கானிக் முடிச்சவங்களுக்கும் டிப்ளமோ மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கும் கவலை இல்ல. எதுவும் இல்லன்னா கோர்ஸ் முடிச்சுட்டுத்தான் சேரணும், காசு கட்டுறதுக்கு முன்னாடியே அந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்கான்னு பாத்துக்கோங்க.

அனுபவத்துலயும் ஒரு சின்ன விஷயம். லைசென்ஸை எடுத்து நல்லா பாருங்க, ஒவ்வொரு வகை வண்டிக்கும் தனித் தேதி இருக்கும். பைக்குக்கு 12 வருஷம் முன்னாடி எடுத்திருப்பீங்க, கார் சேத்தது மூணு வருஷம் முன்னாடியா இருக்கும், அப்ப கார் கத்துக்கொடுக்க அந்த 12 வருஷக் கணக்கைக் காட்டிட்டுப் போய் நிக்காதீங்க. அதே மாதிரி லைசென்ஸ் முடியிற தேதியையும் பாருங்க, ஏன்னு இன்சூரன்ஸ் பகுதியில சொல்றேன்.

4. ஸ்கூல்ல சேர்றதுக்கு முன்னாடி இதைக் கேட்டு வாங்குங்க

கூச்சப்படாம நாலு விஷயம் பாக்கணும். ஒண்ணு, ஃபார்ம் 11 லைசென்ஸ், அது ஆஃபீஸ்ல எல்லாருக்கும் தெரியிற மாதிரி மாட்டியிருக்கணும், முடியிற தேதி எப்பன்னு பாருங்க. ரெண்டு, நீங்க எடுக்கப் போற அந்தக் குறிப்பிட்ட காரோட ஆர்சி. அந்த கார்ல ஸ்கூல் பேரும் முகவரியும் தெளிவா எழுதியிருக்கணும்ங்கிறதும் ரூல்தான். மூணு, அதே காரோட இன்சூரன்ஸ் பாலிசி, முழுசும், முதல் பக்கம் மட்டும் இல்ல. நாலு, ஸ்டாஃப் லிஸ்ட்ல உங்க பேரை ஏத்துறாங்களான்னு. பேர் ஏத்தாம "சும்மா வாங்க, காசு கையில தர்றேன்"னா வேண்டாம், நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா "இவர் எங்க ஆளே இல்ல"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க.

5. இன்சூரன்ஸ்ல படிக்க வேண்டியது ரெண்டே பாராதான்

பாலிசி பேப்பரு கட்டு கட்டா இருக்கும், எல்லாத்தையும் படிக்க வேண்டாம். வண்டியை எதுக்குப் பயன்படுத்தலாம்னு ஒரு பாரா, யார் ஓட்டலாம்னு ஒரு பாரா, இந்த ரெண்டைத் தேடுங்க.

முதல் பாராவுல சாதாரண பிரைவேட் கார் பாலிசின்னா, ஹயர் ஆர் ரிவார்டு, சரக்கு ஏத்துறது, ரேஸ், ஸ்பீட் டெஸ்ட், மோட்டார் டிரேட் மாதிரி சில விஷயங்களைத் தவிர எதுக்கும் பயன்படுத்தலாம்னு எழுதியிருக்கும். என்னைக் கவுத்தது இந்த ஹயர் ஆர் ரிவார்டுதான். ஸ்கூல் காரோட பாலிசியில டிரைவிங் டியூஷனுக்குப் பயன்படுத்தலாம்னு எழுத்துல இருக்கணும், அதுக்குக் கூடுதல் பிரீமியம் உண்டு. அந்த பிரீமியத்தை மிச்சம் பண்ண சாதாரண பிரைவேட் கார் பாலிசியிலயே ஓட்டுற ஸ்கூலும் இருக்கு. "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு சார்"னு சொன்னா நம்பிட்டு வந்துடாதீங்க, அந்த வரியை விரல் வச்சுக் காட்டச் சொல்லுங்க.

ரெண்டாவது பாராவுல, லைசென்ஸ் இருக்கிறவர் ஓட்டலாம், எல்எல்ஆர் இருக்கிறவரும் ஓட்டலாம், ஆனா ரூல் 3-ல சொன்னதை எல்லாம் அவர் பூர்த்தி பண்ணியிருக்கணும்னு இருக்கும். மேல முதல் ஸ்டெப்ல சொன்ன அதே ரூல் 3. அதாவது எல் போர்டு இல்லங்கிறது போலீஸ்கிட்ட கட்டுற அபராதத்தோட முடியிற விஷயம் இல்ல, கிளைமையே அசைக்கிற விஷயம். உங்க லைசென்ஸ் காலாவதி ஆயிருந்தாலும் அப்படித்தான், ஏன்னா கூட இருக்கிறவரோட லைசென்ஸ் செல்லுபடியா இருந்தாத்தான் ரூல் 3 பூர்த்தி ஆகும். நீங்க பின் சீட்ல உக்காந்திருந்தாலும் அப்படித்தான். ஒரு தடவை ஒரு பையனோட அப்பா "நான் முன்னால உக்காந்து பாக்குறேன், நீங்க பின்னால இருந்து சொல்லுங்க"ன்னாரு, முடியவே முடியாதுன்னுட்டேன், கோவிச்சுக்கிட்டாரு, பரவால்ல.

எல்எல்ஆர் எல்லாம் ஒரு லைசென்ஸாங்கிறவங்களுக்கு, 2004-ல ஸ்வரன் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட்டே அதுவும் லைசென்ஸ்தான்னு சொல்லியிருக்கு. அதே தீர்ப்புல இன்னொரு விஷயமும் இருக்கு, பாலிசி நிபந்தனை மீறல் இருந்தாலும் அடிபட்ட மூணாவது ஆளுக்கு கம்பெனியை முதல்ல காசு குடுக்க வச்சுட்டு, அப்புறம் வண்டி ஓனர்கிட்ட அந்தக் காசை வசூல் பண்ணச் சொல்லலாம். இதைப் பாதி மட்டும் கேட்டுட்டு "தேர்ட் பார்ட்டிக்கு எப்படியும் கம்பெனி குடுத்துடும்"னு சொல்றவங்க இருக்காங்க. குடுக்கும், ஆனா அந்த நோட்டீஸ் பின்னாலயே ஓனர் வீட்டுக்கு வரும்.

அடுத்தது உங்க உடம்புக்கு யார் பொறுப்புன்னு பாக்கணும். ஓனர் டிரைவருக்கான ரூ.15 லட்சம் விபத்துக் காப்பீடு வண்டி ஓனருக்குத்தான், நீங்க ஓனர் இல்ல. ஸ்கூல் பாலிசியில சம்பள டிரைவருக்கான பொறுப்புன்னு ஒரு கவர் சேத்திருப்பாங்க, அது இன்ஸ்ட்ரக்டருக்கும் பொருந்துமான்னு ஸ்கூலை இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட ஈமெயில்ல கேக்க வைங்க, போன்ல சொன்னது எடுபடாது. நான் அதோட தனியா ஒரு விபத்துப் பாலிசியும் எடுத்துக்கிட்டேன், விண்ணப்பத்துல ஆஃபீஸ் வேலைன்னு மட்டும் எழுதாம டிரைவிங் கத்துக்கொடுக்கிறதையும் சேத்து எழுதினேன். அதை மறைச்சா அப்புறம் கிளைம்ல அதையே பிடிப்பாங்க.

6. ஒவ்வொரு கிளாஸுக்கும் முன்னாடி மூணு நிமிஷ வேலை

புது ஆள் வந்தா முதல் நாள் எல்எல்ஆர் ஒரிஜினலைப் பாருங்க. எல்எல்ஆர் 6 மாசம்தான் செல்லும், எடுத்து 30 நாள் கழிச்சுத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும், அதனால ரெண்டு தேதியையும் குறிச்சு வச்சுக்கோங்க. அதுல கார் வகை இருக்கான்னும் பாருங்க, கியர் பைக்குக்கு மட்டும் எடுத்துட்டு வந்து கார் கத்துக்க நிக்கிறவங்க உண்டு. "எல்எல்ஆர் அப்ளை பண்ணிட்டேன், நாளைக்கு வந்துடும்"ங்கிறவரை ஸ்டியரிங்ல உக்கார வைக்காதீங்க, லைசென்ஸ் இல்லாம ஓட்டினவருக்கும் ஓட்ட விட்ட ஓனருக்கும் தனித்தனியா ரூ.5,000 அபராதம், ஜெயிலும் போட இடம் இருக்கு.

எல் போர்டுக்கும் அளவு இருக்கு. வெள்ளைப் பின்னணியில சிவப்பு எழுத்து, பலகை 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையாம, எழுத்து 10 செ.மீ. உயரம், 2 செ.மீ. தடிமன், அடியில 9 செ.மீ. அகலம். கடையில விக்கிற குட்டி ஸ்டிக்கர் நிறைய இந்த அளவுக்கு வராது, ஸ்கேல் வச்சுப் பாத்துட்டு ஒட்டுங்க, முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு.

அப்புறம் டூயல் கண்ட்ரோல். வண்டி நிக்கும்போது உங்க பக்க பிரேக்கை மிதிச்சா டிரைவர் பக்க பெடலும் கூடவே இறங்கணும். உங்க பெடல் கொஞ்ச தூரம் சும்மா இறங்கிட்டு அதுக்கப்புறம்தான் அந்தப் பக்கம் அசையுதுன்னா கம்பியோ கேபிளோ தளர்ந்திருக்கு, அவசரத்துல அந்தக் கொஞ்சம்தான் முன்னால இருக்கிற வண்டி பம்பர். உங்க பக்கம் தரையில போட்ட மேட் பெடலுக்கு அடியில சுருண்டு இருக்கான்னும் பாருங்க, எனக்கு ஒரு தடவை அப்படி ஆயி பிரேக் பாதிதான் இறங்கிச்சு, நல்லவேளை கிரவுண்டுக்குள்ள இருந்தோம்.

7. நேரக் கணக்கைப் பாக்காம ஆள் ஒத்துக்காதீங்க

சொந்த உபயோக கார் கத்துக்கொடுக்க ரூல் 31 சொல்றது குறைஞ்சது 21 நாள், அதுல நிஜமா ஓட்டுற நேரம் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம்னா 21 நாளைக்குப் பத்தரை மணி நேரம் வருது. அதாவது ஒரு நாள் லீவு போட்டா சரியா பத்து, ரெண்டு நாள் போட்டா ஒன்பதரை, குறைஞ்சிடுச்சு. எந்த ஆள் 21 நாளும் லீவு போடாம வர்றாரு? அதனால நான் சேரும்போதே 25 நாள் கணக்கு சொல்லிடுவேன்.

உங்ககிட்ட காலையில ரெண்டு மணி நேரம் இருக்குன்னா காகிதத்துல நாலு பேர் வரும். நிஜத்துல மூணு பேர்தான். ஒருத்தர் இறங்கி அடுத்தவர் ஏறி சீட் நகத்தி கண்ணாடி சரி பண்ணி பெல்ட் போட அஞ்சு நிமிஷம் போகும், ஒருத்தர் பத்து நிமிஷம் லேட்டா வருவாரு. நாலு பேரைத் திணிச்சா ஒவ்வொருத்தருக்கும் இருபது இருபத்தஞ்சு நிமிஷம்தான் கிடைக்கும், ஆனா ரெஜிஸ்டர்ல அரை மணின்னு எழுதுவீங்க. ஃபார்ம் 15-னு ஒவ்வொரு ஆளுக்கும் தினம் எவ்ளோ நேரம் ஓட்டினாங்கன்னு பதிவு பண்ற ரெஜிஸ்டர் இருக்கு, அதுல உள்ளதை உள்ளபடி எழுதுங்க. விபத்துன்னு வந்தா அன்னிக்கு அந்த நேரத்துல அந்த கார்ல யார் இருந்தாங்கங்கிறதுக்கு உங்ககிட்ட இருக்கிற ஒரே பேப்பர் அது. மாசக் கடைசியில ஒரே பேனாவுல ஒரே கையெழுத்துல மொத்தமா நிரப்பின ரெஜிஸ்டரை யார் பாத்தாலும் தெரியும்.

சம்பளத்தை ஆளுக்கு இவ்ளோன்னு பேசாம மணிக்கு இவ்ளோன்னு பேசுங்க. ஆளுக்குன்னு பேசினா லீவு போட்டவருக்கு ஈடு கட்டுற கிளாஸ் எல்லாம் உங்க பாக்கெட்ல இருந்து போகும், எனக்கு முதல் ரெண்டு மாசம் அப்படித்தான் போச்சு. பெட்ரோல், பஞ்சர், சின்னக் கீறல் யார் செலவுன்னும் முதல் நாளே எழுதி வாங்கிடுங்க.

இன்னொண்ணு, கோர்ஸ் முடிஞ்சதும் ஸ்கூல் ஃபார்ம் 5 சர்டிஃபிகேட் குடுக்கும். "அது இருந்தா ஆர்டிஓ டெஸ்ட் வேண்டாமாமே"ன்னு கேப்பாங்க, 2024-ல இந்த வதந்தி வாட்ஸ்அப் முழுக்க ஓடிச்சு. 2021 ஜூலை 1-ல இருந்து அமலுக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட பெரிய பயிற்சி மையங்களுக்குத்தான் அந்தச் சலுகை, நம்மள மாதிரி ரூல் 24 ஸ்கூல்ல படிச்சவங்க டெஸ்ட்ல ஓட்டிக் காட்டியே ஆகணும். தெரியாம வாக்கு குடுத்துட்டு அப்புறம் சண்டை வாங்காதீங்க.

8. இடிச்சுட்டா

யாருக்காவது அடின்னா முதல்ல ஆஸ்பத்திரி, போலீஸ், அப்புறம்தான் மத்தது. அடி இல்லன்னா வண்டியை நகத்துறதுக்கு முன்னாடி எல் போர்டு தெரியிற மாதிரி முன்னாலயும் பின்னாலயும் ஒரு போட்டோ எடுத்துடுங்க, இதை எல்லாரும் மறக்குறாங்க, வண்டியை ஒர்க் ஷாப்புக்கு அனுப்பினதுக்கப்புறம் போர்டு இருந்துச்சான்னு கேட்டா காட்ட ஒண்ணும் இருக்காது. கத்துக்கிறவரோட எல்எல்ஆர், உங்க லைசென்ஸ், அன்னிக்கு ஃபார்ம் 15 பக்கம் மூணையும் போட்டோ எடுத்து ஸ்கூல் ஓனருக்கு அனுப்பி, அன்னிக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்ல வைங்க.

யார் ஓட்டினாங்கன்னு கேட்டா "நான்தான் ஓட்டினேன்"னு பொய் சொல்லாதீங்க. கத்துக்கிற பிள்ளை பாவம், பயந்து போயிருக்கும், நம்ம மேல போட்டுக்கலாம்னு தோணும். எல்எல்ஆரும் எல் போர்டும் பாலிசியில டியூஷன் வரியும் இருந்தா அந்தப் பிள்ளை ஓட்டினதுல கிளைமுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. பக்கத்துக் கடை கேமராவுல டிரைவர் சீட்ல இருந்து வேற ஆள் இறங்குறது தெரிஞ்சாதான் பிரச்சினை.

என் பழைய கார் டிக்கி கதவுல அந்தப் பள்ளத்தை நான் இன்னும் முழுசா சரி பண்ணல, மழை பெஞ்சா அங்க தண்ணி நிக்கும்.